ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி வாசல் சமையலறைக்கு ஒரு வயது: சமைத்தவர்கள், கொடுத்தவர்கள், அண்டா தூக்கியவர்கள் எல்லோருக்கும் நன்றி

தாமிரபரணிக்கரை

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் நோயாளிகளோடு இருப்பவர்களுக்கு ராத்திரிச் சாப்பாடு கொடுக்கும் நம் சமையலறைக்கு இந்த வாரம் ஒரு வருடம் நிறைகிறது. எல்லோருக்கும் மனதார வாழ்த்துகள்.

வெளியூர் நண்பர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். வார்டில் படுத்திருப்பவருக்கு ஆஸ்பத்திரியே சாப்பாடு கொடுத்துவிடும். பக்கத்தில் தரையில் துண்டு விரித்து உட்கார்ந்திருக்கும் மனைவிக்கோ மகனுக்கோ அது கிடையாது. சங்கரன்கோவில், வள்ளியூர், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் ஒரு வாரம், பத்து நாள் தங்கும்போது மருந்து, ஆட்டோ என்று கைக்காசு கரைந்த பிறகு முதலில் வெட்டுவது தங்கள் ராத்திரிச் சாப்பாட்டைத்தான். அந்த ஒரு வேளையை மட்டும் பிடித்துக்கொண்டதுதான் நம் சமையலறை. சாயங்காலம் ஏழு மணிக்கு, சுமார் 250 பேருக்கு.

சமைப்பவர்களைப் பாராட்டுகிறோம், அரிசி கொடுத்தவர்களின் பெயரைப் பலகையில் எழுதுகிறோம். அடுப்பிலிருந்து வாசல் வரை கொண்டுபோய்ச் சேர்த்தவர்களை யாரும் அதிகம் பேசவில்லை. எனக்குத் தெரிந்து, இந்த ஒரு வருடம் யாருக்கும் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாமல் ஓடியதற்கு அவர்களுக்கும் சரிபாதிப் பங்கு உண்டு. அதனால் இந்த இழையில் வாழ்த்தோடு நிறுத்தாமல் அவரவர் செய்த வேலையை விவரமாக எழுதுங்கள். தூத்துக்குடியிலும் நாகர்கோவிலிலும் இதேபோல் தொடங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள், அவர்களுக்கும் உதவும்.

அடுப்படி அக்கா

தம்பி, வாழ்த்துக்கு நன்றி. எங்கள் பக்கத்தைச் சொல்கிறேன்.

வாரத்தில் நான்கு நாள் சாம்பார் சாதம்தான். 250 பேருக்கு 20 கிலோ அரிசி, 6 கிலோ துவரம் பருப்பு, காய் பத்துப் பன்னிரண்டு கிலோ. வீட்டில் ஒரு படிக்குப் போடும் கணக்கை அப்படியே பெருக்கினால் பெரிய அண்டாவில் சரியாக வராது. ஆவி போவது குறைவு, அதனால் தண்ணீரும் விகிதத்தில் குறையும். மிளகாய்ப்பொடியும் உப்பும் முக்கால் பங்கு போட்டு, கலக்கி, ருசி பார்த்துவிட்டுத்தான் மீதி. பருப்பு நன்றாக மசிந்த பிறகே புளித்தண்ணீர். அவசரப்பட்டு முன்னால் ஊற்றினால் பருப்பு அப்படியே நின்றுவிடும், எவ்வளவு நேரம் எரித்தாலும் மசியாது.

முக்கியமானது ஒன்று. இறக்கும்போது பார்த்தால் இது சாதமா குழம்பா என்று கேட்கும் அளவுக்குத் தளர இருக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் பயந்து இன்னும் கொஞ்ச நேரம் வற்றவிடச் சொல்வார்கள். வேண்டாம். மூடி வைத்து ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தால் அரிசி எல்லாவற்றையும் குடித்திருக்கும். கொதிக்கும் வெந்நீர் ஒரு தூக்கு தனியாக வண்டியில் போகும். கடைசி ஐம்பது பேருக்கு வரும்போது அதை ஊற்றிக் கிளறிக் கொடுப்பார்கள்.

நன்றி சொல்ல வேண்டும் என்றால் என் கூட நிற்கும் மற்ற ஐந்து பெண்களுக்குச் சொல்லுங்கள். அனல் அடிக்கும் அடுப்புக்கு முன்னால் மே மாதம் துடுப்பு போடுவது லேசான காரியம் இல்லை.

குட்டியானை

நான் வண்டி ஓட்டுகிறவன். எங்களுக்கும் ஒரு வணக்கம் வைத்ததற்குச் சந்தோஷம் அண்ணாச்சி.

அண்டாவை முக்காலுக்கு மேல் நிரப்ப விடமாட்டோம். வேகத்தடையில் ஒரு குலுக்கல் போதும், கொதிக்கிற சாம்பார் சாதம் பின்னால் உட்கார்ந்திருப்பவன் காலில் கொட்டும். தண்ணீர் பட்டால் வழிந்து போய்விடும், இது ஒட்டிக்கொண்டு சதையை எடுத்துவிடும். அதனால் நான்கு அண்டாவாகப் பிரிப்போம். ஒவ்வொன்றுக்கும் அடியில் வைக்கோல் பிரிமணை, சுற்றிலும் சாக்கு, மூடிக்கும் அண்டாவுக்கும் நடுவில் ஒரு வெள்ளைத் துணி. துணி எதற்கு என்று முதலில் எனக்கும் தெரியாது. ஆவி மூடியில் பட்டுத் தண்ணீராகச் சொட்டினால் மேல் சாதம் ஊறி முதலில் அதுதான் கெடுமாம், துணி அந்தத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அக்கா சொல்லித் தந்தது.

பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் ரோடு அடைத்துக்கொள்ளும். அதனால் ஐந்தரைக்குப் புறப்படுவதை ஆறேகாலுக்கு மாற்றினோம். சீக்கிரம் கிளம்பினால் சீக்கிரம் போய்விடலாம் என்று நினைப்போம். உண்மையில் சாதம்தான் வண்டியில் அதிக நேரம் உட்கார்ந்திருந்தது.

வள்ளியூர்க்காரன்

நான் உங்கள் குழுவில் இல்லை. போன ஐப்பசியில் அப்பாவை எலும்பு முறிவுக்குச் சேர்த்திருந்தோம். என் அம்மாவும் நானும் பதினைந்து நாளுக்கு மேல் அந்த வாசலில் சாப்பிட்டோம். அந்தச் சாப்பாட்டுக்கு எப்படி நன்றி சொல்வதென்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஒரு விஷயம் சொன்னால் மற்ற ஊர்க்காரர்களுக்கு உதவும். வார்டில் தனியாக ஒருவரை மட்டும் துணைக்கு வைத்திருப்பவர்கள் வரிசைக்கு வரவே முடியாது. டிரிப் ஏறிக்கொண்டிருக்கும், பாட்டில் எப்போது முடியும் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முதல் சில நாள் அப்படித்தான் அம்மா சாப்பிடாமல் இருந்தாள். பிறகு வரிசையில் நின்ற ஒரு பெரியவர், பக்கத்துப் படுக்கைக்காரர்களின் தூக்குச்சட்டி மூன்றை வாங்கிக்கொண்டு போவதைப் பார்த்தேன். "ஒரு ஆள் நாலு பாத்திரம் வரைக்கும் வாங்கலாம், யாருக்குன்னு கேக்க மாட்டோம்" என்று பரிமாறிய தம்பி சொன்னார். அப்படிக் கேட்காமல் கொடுத்ததால்தான் மாடிக்கும் சாப்பாடு போனது. தூக்குச்சட்டி சுமந்த அந்த முகம் தெரியாதவர்களும் உங்கள் பட்டியலில் சேர வேண்டும்.

மண்டபத்து மேலாளர்

நல்ல காரியம், வாழ்த்துகள். நான் ஒரு கல்யாண மண்டபத்தில் வேலை பார்க்கிறேன். முகூர்த்த நாளில் மதியம் சாதம், கூட்டு, பாயசம் எல்லாம் ஐம்பது அறுபது பேருக்கு மிஞ்சுகிறது. நாலு மணிக்கு வண்டி அனுப்பினால் ஏற்றிவிடுகிறேன், ராத்திரி கொடுத்துவிடலாமே. வீணாகப் போவதைப் பார்க்க மனது கேட்கவில்லை.

குட்டியானை

அண்ணே, இந்த இழை சமையலறைக்கு வாழ்த்துச் சொல்லத் தொடங்கியது. மிச்சச் சாப்பாடு வாங்குவதில்லை என்று முதல் மாதமே முடிவு செய்துவிட்டோம். உங்கள் மனதுக்கு நன்றி.

சிந்துபூந்துறை

ஏன் வாங்கக் கூடாது? கொண்டு வந்து நன்றாகக் கொதிக்கக் கொதிக்கச் சூடு பண்ணிவிட்டால் கிருமி எல்லாம் செத்துவிடும். எங்கள் வீட்டில் காலம் காலமாக அப்படித்தான். அதுவும் எலுமிச்சை சாதம், புளிச்சாதம் என்றால் கெடவே கெடாது. கொடுக்கிறவர் மனதை ஏன் நோகடிக்க வேண்டும்?

ஓய்வுபெற்ற லேப்

மருத்துவ ஆய்வகத்தில் நுண்ணுயிர்ப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். இந்தச் சமையலறைக்குத் தெர்மாமீட்டர் வாங்கிக் கொடுத்ததைத் தவிர நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை.

சிந்துபூந்துறை நண்பர் சொன்னதில் பாதி சரி. கொதிக்க வைத்தால் பெரும்பாலான கிருமிகள் சாகும். சிக்கல் அரிசியில் இருக்கிறது. அரிசியோடு மண்ணிலிருந்து வரும் பேசில்லஸ் செரியஸ் என்ற ஒரு பாக்டீரியா வித்து மாதிரி உறைந்து கிடக்கும். நாம் சோறு வடிக்கும் கொதிப்பில் அது சாகாது. சோறு வெதுவெதுப்பாகப் பல மணி நேரம் இருந்தால் வித்து முளைத்துப் பெருகும், அப்போது ஒரு நஞ்சை விடும். அந்த நஞ்சைத் திரும்பச் சூடு பண்ணி அழிக்க முடியாது. பாக்டீரியா செத்த பிறகும் நஞ்சு சோற்றில் இருக்கும். சாப்பிட்டவர்களுக்கு ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வரும். வாசனையிலோ ருசியிலோ தெரியாமலும் இருக்கலாம், அதுதான் பயம்.

எனவே சோறு ஒன்று 60 டிகிரிக்கு மேலே இருக்க வேண்டும், இல்லையென்றால் சீக்கிரம் ஆற வேண்டும். நடுவில் உட்கார்ந்திருக்கக் கூடாது. மண்டபத்துச் சோறு பன்னிரண்டு மணிக்கு வடித்தது. நாலு மணிக்கு நம் கைக்கு வரும்போது எந்தச் சூட்டில் எத்தனை நேரம் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. மிஞ்சிய உணவை வாங்கி விநியோகிக்க 2019-இல் தனி விதிமுறைகளே வந்திருக்கின்றன. அதன்படி ஒழுங்காகச் செய்கிற குழுக்களும் இருக்கின்றன. அதற்குக் குளிர்பதன வசதி, லேபிள், தனி ஆள் எல்லாம் வேண்டும். ஒரு அடுப்படியும் ஒரு குட்டியானையும் வைத்திருக்கிற நம்மால் இப்போதைக்கு முடியாது.

சிந்துபூந்துறை

சரி, நஞ்சு விஷயம் எனக்குத் தெரியாது. ஆனால் புளிப்பு இருந்தால் பாக்டீரியா வளராது இல்லையா? எலுமிச்சை சாதத்துக்கு என்ன குறை?

வெங்காய அணி

இதற்கு நான் பதில் சொல்கிறேன். போன சித்திரையில் நடந்தது, அக்கா தானாகச் சொல்ல மாட்டார்.

அன்றைக்கு எலுமிச்சை சாதம் என்று முடிவு. சாயங்காலம் குழுவில் பாதிப் பேர் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போக வேண்டியிருந்தது, அதனால் மதியம் ஒரு மணிக்கே சோறு வடித்து இரண்டு அண்டாவில் போட்டு மூடிவிட்டார்கள். தாளிப்பும் சாறும் ஐந்து மணிக்குச் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. நான்கரைக்கு அக்கா வந்தார். மூடியைத் திறந்ததும் மேலே எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. முழங்கை வரை கையைக் கழுவிவிட்டு நடுவில் விட்டார். வெளியே ஆறியிருந்த சோறு உள்ளே குழந்தைக்குக் காய்ச்சல் அடிப்பது போன்ற சூட்டில் இருந்தது. ஓரத்துச் சோற்றை விரலில் உருட்டிப் பார்த்தார், வழவழ என்றது. முகர்ந்தார். "இது போகக் கூடாது" என்றார், அவ்வளவுதான். எங்களுக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. 20 கிலோ அரிசி, அதை ஒருவர் பிறந்தநாளுக்காகக் கொடுத்திருந்தார். அக்கா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

பிறகு நடந்ததுதான் பெரிய காரியம். பக்கத்துத் தெருக் கடைக்காரர் 18 கிலோ ரவையைக் கடனுக்கு எடுத்துக் கொடுத்தார். மூன்று அடுப்பிலும் தண்ணீர் வைத்தார்கள். ஒரு பக்கம் ரவை வறுபட, ஒரு பக்கம் நாங்கள் கண்ணீர் வழிய வெங்காயம் நறுக்கினோம். வரவேற்புக்குப் பட்டுப்புடவை கட்டி வந்தவர்கள் முந்தானையைச் செருகிக்கொண்டு கிளறினார்கள். ஏழே முக்காலுக்கு வாசலில் உப்புமா. வரிசையில் நின்றவர்களுக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது, நேரமாகிவிட்டதே என்று மட்டும் கேட்டார்கள்.

அன்றிலிருந்து இறக்கிய நேரத்தைச் சாக்பீஸால் மூடியில் எழுதுகிறோம். அந்த நேரத்திலிருந்து இரண்டரை மணி நேரத்துக்குள் கடைசித் தட்டு.

ஓய்வுபெற்ற லேப்

இதில்தான் எலுமிச்சைக்குப் பதில் இருக்கிறது. சாறு சேர்ந்த பிறகு புளிப்பு ஓரளவு காக்கும். சாறு சேர்வதற்கு முன்னால் மூன்றரை மணி நேரம் அது வெறும் சோறு. பெரிய அண்டாவில் குவித்த சோற்றின் நடுப்பகுதி ஆற அரை நாள் எடுக்கும், மூடி போட்டால் இன்னும் மோசம். எலுமிச்சை சாதம் செய்யத்தான் வேண்டும் என்றால் வடித்த கையோடு சுத்தமான வேட்டியை மேசையில் விரித்து, மூன்று விரல் உயரத்துக்கு மேல் போகாமல் பரப்பி, மின்விசிறியைப் போட்டு ஆற்றி, உடனே கலந்துவிட வேண்டும். கல்யாணச் சமையல்காரர்கள் வெகுகாலமாகச் செய்வதுதான்.

சாம்பார் சாதத்துக்கு இந்தப் பாடு இல்லை. தெர்மாமீட்டரை நடுவில் செருகிப் பார்த்தவரை, சாக்கு சுற்றிய அண்டா வாசலில் திறக்கும்போது 75-க்குக் கீழே இறங்கியதில்லை. ஓரம்தான் முதலில் ஆறும், அதனால் ஓரத்தையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

அடுப்படி அக்கா

அன்றைக்கு அரிசி கொடுத்தவருக்கு நான் போன் பண்ணிச் சொன்னேன். அவர் மறுநாளே இன்னொரு சிப்பம் இறக்கிவிட்டுப் போனார். அவருக்குத்தான் என் முதல் நன்றி.

பெங்களூரு மாப்பிள்ளை

மாதாமாதம் கொடுப்பவன். இந்த உப்புமாக் கதையைப் படித்து நெகிழ்ந்துவிட்டேன். இரண்டு கேள்வி. பணமாகக் கொடுப்பதைவிட அரிசி மூட்டையாகக் கொடுத்தால் நல்லதா? மூட்டைக்கும் 80ஜி வரிக்கழிவு ரசீது கிடைக்கும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள், வாங்கித் தர முடியுமா? என் மாமனார் வீட்டில் வாங்காத ரேஷன் அரிசியும் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை

அறக்கட்டளைக் கணக்கு நான்தான் எழுதுகிறேன். முதலில் உங்களுக்கு நன்றி. ஆடி மாதம் கொடை குறைந்தபோது உங்களைப் போல் மாதத் தொகை கொடுப்பவர்களால்தான் காஸ் சிலிண்டர் வாங்கினோம். ஒருவருக்கும் சிலிண்டருக்குப் பணம் கொடுக்கத் தோன்றாது, எல்லோரும் அரிசிதான் கொடுப்பார்கள். அந்த 19 கிலோ வணிகச் சிலிண்டர் இல்லாமல் அரிசி அரிசியாகவே இருக்கும். வீட்டுச் சிலிண்டரை இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

பொருளாகக் கொடுப்பதற்கு 80ஜி கழிவு கிடையாது. பணத்துக்குத்தான். ரொக்கம் என்றால் 2000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு வராது, அதனால் வங்கி வழியாக அனுப்புங்கள். பழைய வரிமுறையில் கணக்குக் கொடுப்பவர்களுக்கே இது பொருந்தும்.

ரேஷன் அரிசி வேண்டவே வேண்டாம். நல்ல மனதோடு கொடுத்தாலும் அது நம் கிடங்கில் இருந்தால் வழக்காகிவிடும்.

அடுப்படி அக்கா

அரிசி பற்றி நான் ஒன்று சேர்க்கிறேன் தம்பி. ஐந்து கிலோ பை ஐந்து பேர் கொடுத்தால் ஐந்து ரகம் வரும். பழைய அரிசி தண்ணீர் நிறையக் குடிக்கும், புது அரிசி சீக்கிரம் குழையும். கலந்து போட்டால் ஒன்று களியாகி இன்னொன்று நறுக்கென்று நிற்கும். அதனால் வரும் பைகளில் ரகத்தை எழுதித் தனித்தனியாக வைத்து, ஒரு நாளுக்கு ஒரு ரகம் என்று சேர்ந்த பிறகுதான் எடுப்போம். ஒரே கடையில் ஒரே அரிசிக்குப் பணம் கட்டிவிட்டால் எங்களுக்குப் பாதி வேலை மிச்சம். காயும் அப்படித்தான். நயினார்குளம் மார்க்கெட்டில் ஒரு வியாபாரி வாரத்துக்கு இரண்டு நாள் பூசணிக்காயும் கத்தரிக்காயும் விலை போடாமல் எடுத்து வைக்கிறார். அவர் பெயரைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். நன்றி மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

தென்காசி மகள்

என் அம்மாவுக்கு டயாலிசிஸ் நடக்கிறது. உப்பில்லாமல் ஒரு பொட்டலம் தனியாகக் கொடுக்க முடியுமா?

ஓய்வுபெற்ற லேப்

அம்மா சீக்கிரம் தேற வேண்டும். ஆனால் இந்தச் சாப்பாடு நோயாளிக்கு இல்லை, துணைக்கு இருப்பவர்களுக்கு. உப்பு மட்டும் பிரச்சினை இல்லை, பருப்பிலும் காயிலும் உள்ள பொட்டாசியமும் டயாலிசிஸ் நோயாளிக்குக் கணக்கில் வரும். உப்பில்லாமல் கொடுத்துவிட்டால் போதும் என்று நாங்கள் முடிவு செய்யக் கூடாது. வார்டில் உணவியல் நிபுணரைக் கேளுங்கள். நீங்கள் கட்டாயம் வந்து சாப்பிடுங்கள்.

வள்ளியூர்க்காரன்

நானும் ஒன்று கேட்கிறேன். சர்க்கரை உள்ள துணையாட்கள் நிறையப் பேர். என் அம்மாவுக்கும் உண்டு. வாரத்தில் ஒரு நாளாவது கோதுமை ரவை போட முடியுமா?

அடுப்படி அக்கா

வியாழக்கிழமை போட்டுப் பார்க்கிறோம். சூடு ஆறினால் கோதுமை ரவை கட்டியாகிவிடும், வெந்நீர் தூக்கு இரண்டு வேண்டியிருக்கும். வண்டித் தம்பி ஒத்துக்கொள்ள வேண்டும்.

குட்டியானை

இரண்டு என்ன அக்கா, மூன்று வேண்டுமானாலும் ஏற்றுகிறேன். எனக்குப் பிரச்சினை தட்டுதான். பாத்திரம் இல்லாமல் வருபவர்கள் பாதிக்குப் பாதி. பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு 2019-இலிருந்து தடை. மந்தாரை இலைத் தட்டில் தளரச் செய்த சாம்பார் சாதம் ஒழுகுகிறது. எவர்சில்வர் தட்டு 250 வைத்துக்கொள்ளலாம் என்றால் கழுவத் தண்ணீரும் ஆளும் யார்?

வெங்காய அணி

இலைத் தட்டை இரண்டாக அடுக்கிக் கொடுத்தால் ஒழுகவில்லை, ஆனால் செலவு இரட்டிப்பு. கணக்குப்பிள்ளை அண்ணாச்சி முறைக்கிறார்.

கணக்குப்பிள்ளை

முறைக்கவில்லை. இரட்டைத் தட்டுக்கு ஆகிற காசில் மாதத்துக்கு எத்தனை கிலோ பருப்பு வாங்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். கழுவுவதற்குச் சாயங்காலம் எட்டிலிருந்து ஒன்பது வரை மூன்று பேர் கிடைத்தால் எவர்சில்வர் தட்டுதான் என் கட்சி. கல்லூரிப் பிள்ளைகள் யாராவது இருந்தால் இங்கேயே சொல்லுங்கள்.

தாமிரபரணிக்கரை

தட்டு விஷயம் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பேசலாம். ஒரு வருட நிறைவுக்குக் கேசரி செய்யலாமா என்று அக்காவிடம் கேட்டேன். 250 பேருக்கும் சேர்த்து நெய்க்கும் முந்திரிக்கும் யாராவது பொறுப்பெடுத்தால் செய்யலாம், ஆனால் கேசரி வழக்கமான சாதத்தோடுதான் வரும், அதற்குப் பதிலாக இல்லை என்றார். நெய் என் பொறுப்பு. முந்திரி யார்?

பெங்களூரு மாப்பிள்ளை

முந்திரி நான். கூடவே ஒரு சிலிண்டருக்கும் இன்றே அனுப்பிவிடுகிறேன்.